கோப்பையும் காணியும்

நில எடுப்பு பற்றிய விவாதங்களில் ஒரு வாக்கியம் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது: "உழவர் கேட்கும் விலை நிலத்தின் விலையன்று, அது உடைமை விளைவு." ஒரு பொருள் தன் கையில் இருக்கிறது என்பதனாலேயே மனிதர் அதற்குக் கூடுதல் மதிப்புத் தருகிறார்கள் என்னும் கருத்தாக்கத்தைத்தான் இவ்வாறு எடுத்தாள்கிறோம். 1980இல் ரிச்சர்டு தாலர் சூட்டிய இப்பெயர், இன்று நிலம் இழப்பவரின் மறுப்பை மனக்கோணலாகக் காட்டும் சொல்லாக மாறிவருகிறது. இது அந்த ஆய்வுகளையே தவறாகப் படிப்பதன் விளைவு என்பது என் வாதம். அதை நிறுவ, நாம் அனைவரும் மேற்கோள் காட்டும் அந்தக் கோப்பைச் சோதனையைச் சற்று நிதானமாகத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

கானெமன், நெட்ஷ், தாலர் மூவரும் 1990இல் வெளியிட்ட கட்டுரையில் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் 44 பேர் பங்குபெற்ற சோதனை வருகிறது. அவர்களுள் பாதிப்பேருக்கு, பல்கலைக்கழகக் கடையில் 6 டாலருக்கு விற்கும் கோப்பை ஒன்று தரப்பட்டது. பிறகு சந்தை திறக்கப்பட்டது. கோப்பையை விரும்புவோரும் விரும்பாதோரும் இரு பாதியிலும் சமமாகவே இருப்பர் என்பதால், 22 கோப்பைகளில் ஏறத்தாழ 11 கைமாற வேண்டும். நான்கு சுற்றுகளில் கைமாறியவை முறையே 4, 1, 2, 2 மட்டுமே. விற்போர் கேட்ட இடைநிலை விலை 5.25 டாலர், வாங்குவோர் தர முன்வந்ததோ அதில் ஏறத்தாழப் பாதி.

பெரும்பாலான வகுப்பறைகளில் கதை இங்கே முடிந்துவிடுகிறது. ஆனால் கட்டுரையின் வலிமை, ஆய்வாளர்கள் மாற்று விளக்கங்களை ஒவ்வொன்றாக அடைத்த முறையில் இருக்கிறது. கோப்பைக்கு முன்பு, ஆய்வாளர்களே பண மதிப்பு நிர்ணயித்த வில்லைகளை அதே விதிகளின்கீழ் அதே மாணவர்கள் வாங்கி விற்றனர். அங்கே எதிர்பார்த்த எண்ணிக்கையில் வணிகம் நடந்தது. ஆகவே கோப்பைச் சந்தையின் தேக்கத்துக்கு விதி புரியாமையோ பரிமாற்றச் செலவோ காரணமல்ல.

வாங்குவோர் குறைத்துக் கேட்டது கையில் பணமில்லாமையாலா? இதற்கு விடை காண இன்னொரு சோதனையில் மூன்றாவது குழு ஒன்றைச் சேர்த்தனர். இவர்களிடம் கோப்பை இல்லை. ஒவ்வொரு தொகைக்கும் "கோப்பை வேண்டுமா, பணம் வேண்டுமா" என்று தேர்ந்து சொல்வதே அவர்கள் வேலை. விற்பவரும் தேர்பவரும் இறுதியில் கோப்பையோடோ பணத்தோடோ தான் வெளியேறுவர். யாரும் சொந்தப் பையிலிருந்து எடுத்துத் தர வேண்டியதில்லை. இருந்தும் விற்போரின் இடைநிலை மதிப்பு 7.12 டாலர், தேர்வோருடையது 3.12, வாங்குவோருடையது 2.87. தேர்வோர் வாங்குவோரை ஒட்டியே நின்றதால், இடைவெளி பணப் பற்றாக்குறையால் வந்ததன்று, கைப்பொருளை விட்டுக்கொடுப்பதால் வந்தது என்று சொல்ல முடிந்தது.

இத்தனை அடைப்புகளுக்குப் பிறகும் முடிவு விவாதத்துக்கு உட்பட்டே இருக்கிறது. 2005இல் பிளாட், சைலர் இருவரும், மதிப்பைக் கேட்டறியும் முறையில் பங்கேற்பாளருக்குப் போதிய பயிற்சி அளித்து, விடைகளை மறைவாகவும் பெற்றபோது கோப்பை இடைவெளி மறைந்தது. விளையாட்டு அட்டைச் சந்தையை ஆராய்ந்த ஜான் லிஸ்ட், வணிகத்தில் பழகியவரிடம் இவ்விளைவு பெரிதும் தேய்ந்திருப்பதைக் கண்டார். செய்முறை மாறினால் அளவும் மாறும் ஒரு விளைவு இது.

இப்போது நிலத்துக்கு வருவோம். ஆய்வகத்தில் அடைத்த வழிகள் இங்கே எல்லாம் திறந்தே கிடக்கின்றன. நிலத்தை உயிராக மதிக்கும் குத்தகைதாரரிடம் அதை வாங்கப் பணமிராது. எனவே வாங்குவோர் தரும் விலை அவர் மதிப்பைக் காட்டாது. முத்திரைக் கட்டணத்தைக் குறைப்பதற்காகக் கிரயப் பத்திரத்தில் உண்மை விலையினும் குறைத்தெழுதும் வழக்கமும் நாடறிந்தது. ஆக, "சந்தை விலை" என்று நாம் ஒப்பிடும் எண்ணே பழுதுபட்டது.

இவற்றினும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். சாலை செல்லவிருக்கும் தடத்தில் ஐந்து பேர் ஆளுக்கு ஓர் ஏக்கர் வைத்திருக்கிறார்கள். எந்த விலைக்குக் கீழ் விற்கமாட்டார்கள் என்று கேட்டால், முறையே 9, 14, 18, 25, 40 லட்சம் என்கிறார்கள். முதலாமவர் நகரத்துக்குக் குடிபெயர விரும்பி, தடம் அறிவிக்கப்படும் முன்பே 10 லட்சத்துக்கு விற்றுவிட்டார். ஐந்தாமவரின் கிணறும் வீடும் அந்த ஏக்கரில் இருக்கின்றன. பத்திரப் பதிவில் தெரிவது 10 லட்சம் மட்டுமே. மற்ற நால்வரின் மதிப்பு ஆவணத்துக்கு வருவதேயில்லை, ஏனெனில் அவர்கள் விற்கவில்லை. இங்கே எந்த மனக்கோணலும் இல்லை. தாமாக விற்பவர்கள் குறைவாக மதிப்பவர்கள் என்னும் எளிய உண்மைதான் இருக்கிறது. தன் விருப்பின்றி எடுக்கப்படுபவரின் இழப்பை, விரும்பி விற்றவரின் விலையால் அளக்கிறோம்.

சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 1894ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக எடுப்பதற்கென்றே சந்தை மதிப்பின்மேல் 15 விழுக்காடு ஆறுதல் தொகை சேர்த்தது. 1984இல் அது 30 ஆயிற்று. 2013ஆம் ஆண்டுச் சட்டம் 100 ஆக்கியது. அருகிலுள்ள கிரயங்களுள் விலை உயர்ந்த பாதியை மட்டும் சராசரிக்கு எடுக்க வேண்டும் என்றும், ஊர்ப்புற நிலத்துக்கு ஒன்று முதல் இரண்டு வரையான காரணியால் பெருக்க வேண்டும் என்றும் அது விதித்தது. நம் கணக்கில் காரணி ஒன்று எனக் கொண்டால் 10 லட்சம் 20 லட்சமாகும். 14, 18 என்றவர்கள் நிறைவடைவர். 25, 40 என்றவர்கள் உறுதியாக இழப்பர். அவ்விருவரின் எதிர்ப்பை "உடைமை விளைவு" என்று எழுதிவிட்டால், கணக்கின் குறை அவர்கள் மனத்தின் குறையாகிவிடும்.

அப்படியானால் நிலத்தில் உடைமை விளைவே இல்லையா? இருக்கலாம், ஆனால் அதைச் சொல்பவர் காட்ட வேண்டும். அதற்கு நெட்ஷின் 1989ஆம் ஆண்டுச் சோதனை வழி தருகிறது. பணமே இடையில் வராமல் கோப்பைக்குப் பதில் சாக்லேட், சாக்லேட்டுக்குப் பதில் கோப்பை என மாற்றிக்கொள்ளச் சொன்னபோது, எது முதலில் கையில் இருந்ததோ அதையே பத்தில் ஒன்பது பேர் வைத்துக்கொண்டனர். தொடக்கத்திலேயே தேர்ந்தவர்கள் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிந்தனர். அதுபோல, அதே பாசன வசதியும் அதே மண்ணும் அதே தொலைவும் உள்ள மாற்று நிலத்தைத் தருவதாகச் சொல்லிப் பாருங்கள். உடையவர் ஒப்புக்கொண்டால், அவர் பணத்தை மறுத்தது அந்தப் பணத்தால் அத்தகைய நிலம் கிடைக்காது என்பதற்காகத்தான். அப்போதும் மறுத்தால், அண்டை அயல், உறவு, குலக்கோயில் போன்றவற்றையும் கணக்கில் எடுத்துவிட்டு, எஞ்சும் மறுப்புக்குத்தான் உடைமை விளைவு என்ற பெயர் பொருந்தும்.

களப்பணிக்குச் செல்லும் மாணவர்களிடம் நான் வேண்டுவது இதுவே: வினாத்தாளில் "எவ்வளவு கொடுத்தால் தருவீர்கள்" என்பதோடு நிறுத்தாதீர்கள். மாற்று நிலம் பற்றியும் கேளுங்கள். அதே நிலத்தை உழும் குத்தகைதாரரிடம், நிலமா பணமா என்று தேர்வோர் குழுவுக்கு வைத்த அதே கேள்வியை வையுங்கள். அந்த ஒப்பீடு இல்லாதவரை, கேட்ட விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள இடைவெளியை இடைவெளி என்று மட்டுமே எழுதுவோம்.