பிழைத்த மீற்றரும் பெரிய பில்லும்: தவணைக்கு முன் ஒரு கணக்கு

இடம்பெயர்ந்து திரும்பி, வேலணையில் வளவைத் துப்புரவாக்கி, தோட்டத்தைக் கொத்தத் தொடங்கிய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அவர்களின் மின்சார மீற்றர் நின்றுபோய்விட்டது. 12 மாதமும் ஓர் அலகும் ஏறவில்லை. நிலையான கட்டணம் மட்டும் வந்த பில்லைக் கண்டு, குறைந்த பாவனை என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். பிறகு மீற்றர் மாற்றப்பட்டது. புதியது முதல் மாதம் 50 அலகு காட்டியது. அந்த அளவை வைத்து 12 மாதத்துக்கும் 600 அலகு என நிலுவை பில் வந்தது.

இந்த இடத்தில் நாம் உடனே தவணை கேட்க ஓடுகிறோம். அது அவசரம் என்பதே எமது கருத்து. தவணைக்குச் சம்மதித்தால் தொகையையும் ஏற்றுக்கொண்டதாகவே பார்க்கப்படலாம். முதலில் தொகை சரியா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு கேள்விகள் போதும். முதலாவது, அந்த 12 மாதமும் வீட்டில் ஆள் இருந்ததா? 3 மாதம் வீடு பூட்டிக் கிடந்திருந்தால் 150 அலகு கழிய வேண்டும். அதைக் காட்ட கிராம சேவையாளரின் கடிதம் உதவும். இரண்டாவது, மிகுதி 450 அலகும் எந்த மாதத்தில் போடப்பட்டுள்ளது? வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 450 அலகையும் ஒரே மாதத்தில் போட்டால் பெரும்பகுதி உச்ச விலையில் விழும். 9 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 50 அலகே. குறைந்த விலையில் அடங்கிவிடும். அந்தந்த மாதத்தில் இருந்த விலையையே போடும்படியும் கேட்க வேண்டும். 2022 ஓகஸ்ட்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் பெரிதாக உயர்ந்தது நினைவிருக்கும்.

திருத்திய தொகை 9,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நிலுவை சேர 12 மாதம் எடுத்தது. அடைக்கவும் 12 மாதம் கேட்பது நியாயம். எட்டு மாதத்துக்கு 500 ரூபாவும், அறுவடைப் பணம் கைக்கு வரும் நான்கு மாதத்துக்கு 1,250 ரூபாவும் கட்டுவதாக எழுதலாம். மாதாந்த பில்லைத் தவறாமல் முழுதாகக் கட்டுவோம் என்பதையும் சேர்க்க வேண்டும். அதில் ஒரு மாதம் தவறினாலும் ஒழுங்கு முறிந்துபோகலாம்.

கடிதத்தில் கணக்கிலக்கம், மீற்றர் மாற்றிய திகதி, பழைய மீற்றரின் கடைசி வாசிப்பு, புதியதின் முதல் வாசிப்பு ஆகியவை இருக்கட்டும். பிரதியில் கந்தோர் முத்திரையும் திகதியும் வாங்கி வையுங்கள். வாய்ச்சொல்லை நம்பி வந்தால், மின்வெட்டு அறிவித்தலோடு ஆள் வரும்போது காட்ட ஒன்றும் இராது. கந்தோர் தீர்க்காவிட்டால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அங்கும் இந்தப் பிரதியே பேசும்.

எரித்த மின்சாரத்துக்குக் கடன்பட்டவர்கள் நாம், அதை மறுக்கவில்லை. மீற்றர் நின்றது எமது குற்றமல்ல. ஆகவே எரித்த மாதத்தின் விலையையும், அடைப்பதற்கான காலத்தையும் கேட்கிறோம். அது சலுகையல்ல, கணக்கு.