பெயர் மாற்ற மட்டும் கவுன்டரா?

ரயில் டிக்கெட்டை வீட்டிலிருந்தே எடுக்கலாம், ரத்து செய்யலாம், ஏறும் நிலையத்தைக்கூட மாற்றிக்கொள்ளலாம். பெயரை மாற்ற மட்டும் முன்பதிவு மையத்துக்கு நேரில் வர வேண்டும் என்ற முடிவைத் தளர்த்த நிர்வாகத்துக்கு இன்னும் மனம் வரவில்லை. ஒரே டிக்கெட் இரண்டு பேருக்குப் பயன்பட்டுவிடும், தரகர் கையில் சிக்கிவிடும் என்ற அச்சம் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

அந்த அச்சத்தைப் பரிசோதித்துப் பார்ப்போம். எழும்பூரிலிருந்து நெல்லை செல்லும் வண்டியில் அண்ணன் பெயரில் ஒரு படுக்கை. அவருக்கு விடுப்பு இல்லை. தங்கை போக வேண்டும். விதி இதை அனுமதிக்கிறது. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், கணவன் அல்லது மனைவிக்கு, வண்டி புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பு, ஒரே ஒரு முறை மாற்றலாம். இதற்காக அண்ணன் டிக்கெட்டை அச்செடுத்து, அடையாள அட்டையோடும் உறவைக் காட்டும் ரேஷன் கார்டோடும் போய், கண்காணிப்பாளர் இருக்கையில் இருக்கும் நேரம் பார்த்து மனு கொடுக்க வேண்டும். அலுவலக நாளில் அரை நாள் போய்விடும்.

கண்காணிப்பாளர் செய்வது என்ன? அதே பி.என்.ஆர். எண்ணில் அண்ணன் பெயரை நீக்கித் தங்கை பெயரைப் பதிகிறார். எண்ணும் படுக்கையும் மாறுவதில்லை. அண்ணனின் கைப்பேசியில் பழைய குறுஞ்செய்தி அப்படியே இருக்கும். அதைக் காட்டி அவர் ஏறினாலும் பரிசோதகரின் பட்டியலில் தங்கை பெயர்தான் இருக்கும். அவருடைய அடையாள அட்டை அதோடு பொருந்தாது. ஒரு டிக்கெட் இருமுறை பயன்படாமல் காப்பது அந்தப் பதிவும், வண்டியில் நடக்கும் அடையாளச் சோதனையும்தான். கவுன்டர் வரிசை எதையும் காப்பதில்லை. உறவுச் சான்று வேண்டுமென்றால் அதை இணையத்திலேயே வாங்கிப் பார்க்கலாமே!

அலைய முடியாதவர்கள் டிக்கெட்டை ரத்து செய்து பணத்தை இழக்கிறார்கள். பண்டிகைக் காலத்தில் வேறு டிக்கெட்டும் கிடைப்பதில்லை. சிலர் அண்ணன் பெயரிலேயே தங்கையை ஏற்றிவிட்டு, டிக்கெட் இல்லாப் பயணி என்ற அபராதத்துக்கு ஆளாகிறார்கள். நேர்மையானவரைத் தவறு செய்யத் தள்ளும் விதி இது.

ரயில்வே நிர்வாகத்தினரின் தயக்கம் புதியதல்ல. கணினியில் எல்லாம் பதிவான பிறகும், இ-டிக்கெட்டின் அச்சுப் பிரதி இல்லை என்று பயணிகளிடம் பணம் வசூலித்தவர்கள் இவர்கள். குறுஞ்செய்தியே போதும் என்று ஒப்புக்கொள்ள ஆண்டுக்கணக்கில் ஆனது. முன்பதிவு வகுப்புகள் எல்லாவற்றிலும் அடையாள அட்டை கேட்கும் விதி 2012 டிசம்பரில்தான் வந்தது. அதுவரை போலிப் பெயர்களில் டிக்கெட் எடுத்து விற்ற தரகர்களைத் தடுக்க முடியாதவர்கள், இன்று சொந்தத் தங்கைக்கு இடம் கொடுப்பவரைச் சந்தேகிக்கிறார்கள்.

காகிதத்தின் மேல் வைக்கும் நம்பிக்கையைத் தங்கள் பதிவின் மேல் வைக்க இவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். கவுன்டரில் நடப்பதை வீட்டிலிருந்தே செய்ய ஒரு வழியை விரைவில் காண வேண்டும். பயணிகள் பொறுத்தது போதும்.