‘24 மணி நேரத்தில் உங்கள் அக்கவுன்ட் நீக்கப்படும்!’ - அந்த மெயில் இன்ஸ்டாகிராம் அனுப்பியதுதானா?

“உங்கள் பதிவு ஒன்று காப்புரிமையை மீறியுள்ளதாகப் புகார் வந்துள்ளது. இது தவறு என்று நீங்கள் கருதினால் கீழே உள்ள படிவத்தை நிரப்புங்கள். இல்லையென்றால் 24 மணி நேரத்தில் உங்கள் அக்கவுன்ட் நிரந்தரமாக நீக்கப்படும்.”

மேலே இன்ஸ்டாகிராம் லோகோ, கீழே நீல நிறத்தில் ஒரு பட்டன். இன்ஸ்டாகிராமில் வியாபாரம் செய்யும் யாருக்கும் இப்படி ஒரு மெயில் வந்தால் வயிற்றைக் கலக்கும். ஒரு சினிமா பாட்டைக்கூட ரீல்ஸில் போடாதவர்கள் நம்மில் எத்தனை பேர்? ‘அந்தப் பாட்டுக்குத்தான் புகார் வந்துவிட்டதோ’ என்று மனமே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். மோசடிக்காரர்கள் நம்பியிருப்பதும் அதைத்தான்.

சின்னாளப்பட்டி சுங்குடிப் புடவைகளை வீட்டிலிருந்தே விற்கும் ஒரு பெண்ணை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஐந்து வருட உழைப்பில் 18,000 ஃபாலோயர்கள். தீபாவளி ஆர்டர் குவியும் நேரத்தில் இந்த மெயில் வருகிறது. அவர் பட்டனை அழுத்தினால் என்ன நடக்கும்?

இன்ஸ்டாகிராம் மாதிரியே ஒரு பக்கம் திறக்கும். முதலில் யூசர்நேம் கேட்கும், அடுத்து பாஸ்வேர்டு. ‘பாஸ்வேர்டு தவறு, மீண்டும் போடுங்கள்’ என்று இரண்டாவது முறையும் கேட்கக்கூடும். எழுத்துப்பிழை இல்லாமல் பாஸ்வேர்டு கிடைத்துவிட்டதா என்று சரிபார்க்கும் தந்திரம் இது. பிறகு, ‘இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டிருக்கிறீர்களா?’ என்ற கேள்வி. ஆமாம் என்றால் பேக்கப் கோடு கேட்பார்கள்.

இந்த பேக்கப் கோடு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடும்போது இன்ஸ்டாகிராம் சில எட்டு இலக்க எண்களைத் தரும். போன் தொலைந்துவிட்டாலும் உள்ளே நுழைவதற்கான மாற்றுச் சாவி அவை. எஸ்.எம்.எஸ்ஸில் வரும் ஆறு இலக்க எண் கொஞ்ச நேரத்தில் காலாவதியாகிவிடும். பேக்கப் கோடு, பயன்படுத்தும் வரையோ நீங்களே புதிதாக மாற்றும் வரையோ செல்லும். அதனால்தான் காப்புரிமை மிரட்டல் மெயில்களில் இதைக் குறிவைத்துக் கேட்கும் கும்பல்கள் உண்டு. 2023 டிசம்பரிலேயே பாதுகாப்பு ஆய்வாளர்கள் இந்த வகை மோசடியை வெளிப்படுத்தினார்கள். ‘நான்தான் இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டிருக்கிறேனே’ என்ற தைரியம் இங்கே உதவாது. அந்த இரண்டாவது சாவியையும் நம் கையாலேயே கொடுக்க வைத்துவிடுகிறார்கள்.

அதன்பின் அவர்கள் முதலில் மாற்றுவது மெயில் முகவரியையும் போன் நம்பரையும்தான். அடுத்து, புடவைக்காரம்மாவின் பெயரிலேயே வாடிக்கையாளர்களுக்கு மெசேஜ் போகும். ‘பண்டிகை ஆஃபர், இன்றைக்கே முன்பணம் அனுப்புங்கள்’ என்று ஒரு புது யு.பி.ஐ ஐ.டி. ஐந்து வருடம் சேர்த்த நம்பிக்கையை வைத்து அடுத்தவர் பணத்தைச் சுருட்டுவார்கள்.

சரி, அந்த மெயில் அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எழுத்துப்பிழையைத் தேடுங்கள், லோகோவை உற்றுப் பாருங்கள் என்றெல்லாம் சொல்வார்கள். அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. இப்போது போலி மெயில்கள் சுத்தமான ஆங்கிலத்தில் வருகின்றன. லோகோவை யார் வேண்டுமானாலும் காப்பியடிக்கலாம். அனுப்பியவர் பெயர் என்று தெரிவதையும் அனுப்புகிறவரே எழுதிக்கொள்ளலாம். ‘Instagram Support’ என்று ஒருவர் தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்டால் தடுக்க ஆளில்லை.

இதற்கு இன்ஸ்டாகிராமே ஒரு வழி வைத்திருக்கிறது. உங்களுக்குத் தான் அனுப்பிய மெயில்களின் பட்டியலை 2019-ம் ஆண்டு முதல் ஆப்பிலேயே காட்டுகிறது. பலர் அந்தப் பக்கம் போனதே இல்லை, ஏனென்றால் அது செட்டிங்ஸின் அடியில் ஒளிந்துகிடக்கிறது.

முதலில் மெயிலை மூடிவிடுங்கள். அதில் உள்ள எதையும் தொடாமல், போனில் இன்ஸ்டாகிராம் ஆப்பை நீங்களே திறங்கள். உங்கள் புரொஃபைலுக்குப் போய், மேலே வலப்பக்கம் இருக்கும் மூன்று கோடுகளைத் தொடுங்கள். `Accounts Center` என்று முதலிலேயே தெரியும். அதற்குள் `Password and security`. அங்கே கொஞ்சம் கீழே வந்தால் `Recent emails` இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட அக்கவுன்ட் வைத்திருந்தால், எந்த அக்கவுன்ட் என்று கேட்கும். மெயிலில் குறிப்பிட்டிருக்கும் அக்கவுன்ட்டைத் தேர்ந்தெடுங்கள். வீட்டு அக்கவுன்ட்டைப் பார்த்துவிட்டு, வியாபார அக்கவுன்ட்டுக்கு வந்த மெயிலை போலி என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

கடந்த 14 நாள்களில் இன்ஸ்டாகிராம் அனுப்பிய மெயில்கள் அங்கே வரிசையாக இருக்கும். பாதுகாப்பு, லாக்-இன் தொடர்பானவை `Security` என்ற பகுதியிலும் மற்றவை தனியாகவும் இருக்கும். இரண்டையும் பாருங்கள். உங்களுக்கு வந்த மெயிலின் தலைப்பும் தேதியும் நேரமும் அங்கே இருக்கின்றனவா? இல்லையென்றால் அது போலி. வெளியிலிருந்து எவ்வளவு தத்ரூபமாக மெயில் அனுப்பினாலும், இந்தப் பட்டியலுக்குள் ஒரு வரியைச் சேர்க்க மோசடிக்காரரால் முடியாது. அதுதான் இதன் பலம்.

ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு முந்தைய மெயில் இந்தப் பட்டியலில் இருக்காது. அதனால் பழைய மெயிலை இப்போது தோண்டி எடுத்துச் சரிபார்ப்பதில் பயனில்லை. வந்த கையோடு பார்த்துவிட வேண்டும்.

நம் புடவைக்காரம்மாவுக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கும். ‘மெயில் போலியாகவே இருக்கட்டும், பாட்டுக்கு நிஜமாகவே புகார் வந்திருந்தால்?’ அதற்கும் ஆப்பிலேயே பதில் இருக்கிறது. செட்டிங்ஸில் `Account Status` என்று தேடிப் பாருங்கள். உங்கள் பதிவு எதையாவது நீக்கியிருந்தால் அங்கே தெரியும். மேல்முறையீடு செய்ய முடிந்தால் அதையும் அங்கிருந்தே செய்யலாம். அங்கே எதுவும் இல்லையென்றால் நிம்மதியாகப் புடவையை பேக் செய்யப் போகலாம்.

இதே மிரட்டல் மெயிலாக வராமல் டி.எம்மில் வந்தால் இவ்வளவு சோதனைகூட வேண்டாம். உங்கள் அக்கவுன்ட் பற்றி டி.எம் அனுப்பவே மாட்டோம் என்று இன்ஸ்டாகிராம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ‘Copyright Help’ என்ற பெயரும் லோகோவும் வைத்திருந்தாலும் சரி, உங்களுக்குத் தெரிந்தவரின் அக்கவுன்ட்டிலிருந்தே வந்தாலும் சரி, அது போலிதான். தெரிந்தவரிடமிருந்து வந்திருந்தால் அவருடைய அக்கவுன்ட் ஏற்கெனவே பறிபோயிருக்கலாம். அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

பட்டியலில் இருக்கும் மெயில் அசல். ஆனால், அசல் மெயில் வந்தாலே பயப்பட வேண்டும் என்றும் இல்லை, அலட்சியப்படுத்தலாம் என்றும் இல்லை. நீங்கள் கேட்காமலேயே ‘பாஸ்வேர்டை மாற்ற இங்கே அழுத்துங்கள்’ என்று மெயில் வருகிறது, பட்டியலிலும் இருக்கிறது என்றால், யாரோ உங்கள் யூசர்நேமைப் போட்டு ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்பதை அழுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நீங்கள் எதையும் அழுத்தாதவரை பாஸ்வேர்டு மாறாது. கூடவே யாராவது போன் செய்தோ மெசேஜ் செய்தோ ‘தவறுதலாக உங்களுக்கு ஒரு எண் வந்துவிட்டது, அதைச் சொல்லுங்கள்’ என்றால் மட்டும் உஷார். பாஸ்வேர்டு மெயிலைக் கிளப்பிவிட்டவரே அவர்தான்.

அலட்சியப்படுத்தவே கூடாத அசல் மெயில் ஒன்று உண்டு. ‘உங்கள் அக்கவுன்ட்டின் மெயில் முகவரி மாற்றப்பட்டுள்ளது’ என்று சொல்லும் மெயில். மாற்றியது நீங்கள் இல்லையென்றால், அதைத் திரும்பப் பெறுவதற்கான லிங்க் அதிலேயே இருக்கும். போலி மெயில்களால் சலித்துப்போய் எல்லாவற்றையும் படிக்காமல் அழிக்கிறவர்கள் கோட்டைவிடுவது இதைத்தான்.

சிக்கல் என்னவென்றால், அந்த நேரத்தில் மோசடிக்காரர் உங்களை ஆப்பிலிருந்து வெளியேற்றியிருக்கலாம். உள்ளே போக முடியாதபோது `Recent emails` பட்டியலை எங்கே போய்ப் பார்ப்பது? அப்போது அனுப்பியவரின் முழு முகவரியைத்தான் பார்க்க வேண்டும். ஜிமெயிலில் அனுப்பியவர் பெயருக்குக் கீழே `to me` என்று இருப்பதைத் தொட்டால் முழு முகவரி விரியும். இன்ஸ்டாகிராமின் பாதுகாப்பு மெயில்கள் `security@mail.instagram.com` என்ற முகவரியிலிருந்து வரும். ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். `instagrarn` என்று m இருக்க வேண்டிய இடத்தில் r, n இரண்டையும் ஒட்டிவைத்தால் போன் திரையில் வித்தியாசமே தெரியாது.

லிங்க்கிலும் இதே ஏமாற்று உண்டு. அழுத்தாமல் விரலை வைத்துப் பிடித்திருந்தால் அது எங்கே போகிறது என்று காட்டும். இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

```
https://instagram.com.example.com/appeal
```

ஆரம்பத்தில் `instagram.com` இருப்பதால் அசல்போலத் தோன்றும். ஆனால் பார்க்க வேண்டியது, `https://`-க்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்பதை. இங்கே இருப்பது `example.com`. அந்த இடத்தில் மோசடிக்காரரின் முகவரி இருக்கும். முன்னால் இருப்பதெல்லாம் ஒப்பனை. முகவரியில் துளி சந்தேகம் இருந்தாலும் மெயிலை விட்டுவிட்டு, பிரவுசரில் `instagram.com/hacked` என்று நீங்களே டைப் செய்து போங்கள். அக்கவுன்ட்டை மீட்பதற்கான அதிகாரபூர்வ பக்கம் அதுதான்.

ஏற்கெனவே போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டீர்கள், ஆனால் ஆப்பில் இன்னும் உள்ளே இருக்கிறீர்கள் என்றால் சில நிமிடங்கள் கையில் இருக்கின்றன. உடனே `Password and security` போய் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அங்கேயே `Where you're logged in` என்பதில் உங்களுடையது அல்லாத போன்களை வெளியேற்றுங்கள். `Two-factor authentication` பகுதியில் புது பேக்கப் கோடுகளை எடுத்துக்கொண்டால் பழையவை செல்லாமல் போய்விடும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடைசியாக, `Personal details` பகுதியில் மெயிலும் போன் நம்பரும் உங்களுடையவைதானா, புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜிமெயிலுக்கும் அதே பாஸ்வேர்டை வைத்திருந்தால் அதையும் கையோடு மாற்றியாக வேண்டும்.

அக்கவுன்ட் கைவிட்டுப் போய்விட்டால், மீட்பு வேலை ஒரு பக்கம் நடக்கட்டும். அதற்கு முன்னால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ‘என் இன்ஸ்டாகிராம் அக்கவுன்ட் என்னிடம் இல்லை, யாரும் பணம் அனுப்ப வேண்டாம்’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், அனுப்பியவர் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்தோ, `cybercrime.gov.in` தளத்திலோ புகார் செய்ய வேண்டும். பணம் அடுத்தடுத்த வங்கிக் கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் புகார் போய்ச் சேர்ந்தால்தான் அதை முடக்கிவைக்க வாய்ப்பு இருக்கிறது. பணம் அனுப்பிய ரசீதின் ஸ்கிரீன்ஷாட்டையும், அந்த மோசடி மெசேஜையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.