விசிறியை நிறுத்தியவருக்கு ஒரு விருது



வருடாந்த விழாக்களில் சிறந்த ஊழியருக்காக வாசிக்கப்படும் பாராட்டுரைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், எல்லோரிடமும் இனிமையாகப் பழகுபவர் என்று போகும். பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த வருடத்துக்கும் அதே தாள் போதும். பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நடந்த சின்ன விழாவில் அண்மையில் கேட்ட பேச்சு வேறு மாதிரி இருந்தது. பேசியவர் ஓய்வுபெற்ற டீமேக்கர். விருது பெற்றவர், ஸ்டோரில் இரவு வேளையில் கொழுந்து வாட்டும் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர். பெயர்கள் வேண்டாமென்று இருவரும் கேட்டுக்கொண்டதால் பேச்சை மட்டும் தருகிறேன்.

“மலையிலிருந்து வந்திருக்கிற அம்மாமாரே, தங்கச்சிமாரே, ஸ்டோர்த் தம்பிமாரே!

ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைக்கும் இங்கே கச்சான் அடிப்பது உங்களுக்குத் தெரியும். மழையை அந்தப் பக்க மலைகளில் கொட்டிவிட்டு, வெறுங்காற்றாக நம்ம பக்கம் இறங்கும். அந்த வறட்சியில் கொழுந்து மெதுவாகத்தான் வரும். ஊவா தேயிலையின் வாசனையும் அதில்தான் பிறக்கிறது. ஆனால் அதே காற்று தொட்டிக்குள் வந்தால் கொழுந்தைக் கெடுத்தும் விடும்.

மழை நாளில் கொழுந்து வாட 18 மணித்தியாலம்கூடப் பிடிக்கும். கச்சான் காலத்திலும் அதே கணக்கில் விசிறியை ஓட விட்டால் இலை சருகாகிவிடும், காம்பு மட்டும் பச்சையாகவே நிற்கும். அதை ரோலரில் போட்டால் சுருளாது, நொறுங்கும்.

நம்ம அண்ணன் என்ன செய்தார்? ஒரு கம்பி வலைத் தட்டில் 10 கிலோ கொழுந்தை நிறுத்துப் பரப்பி, தொட்டிக்குள்ளேயே வைத்தார். மணித்தியாலத்துக்கு ஒருமுறை அதைத் தூக்கி நிறுத்து, கொப்பியில் எழுதினார். பச்சைக் கொழுந்து 10 கிலோவில் கிட்டத்தட்ட ஏழே முக்கால் கிலோ தண்ணீர்தான். தட்டு 5 கிலோவுக்கு இறங்கும்போது, மிச்சம் இருப்பதில் பாதிக்குச் சற்று மேலே தண்ணீர். நமக்கு வேண்டிய வாட்டம் அதுதான்.

ஆனால் தராசை மட்டும் அவர் நம்பவில்லை. இலை காய்ந்து காம்பு ஈரமாக இருந்தாலும் தராசு 5 என்றே காட்டும். அதனால் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பார்ப்பார். கையைத் திறந்தால் உருண்டை மெதுவாக விரிய வேண்டும். காம்பு ஒடியாமல் வளைய வேண்டும். சருகுச் சத்தம் கேட்கக் கூடாது. எடை வேகமாக இறங்கிய இரவுகளில் விசிறியை இடையிடையே நிறுத்தி, கொழுந்தைக் கையால் புரட்டிவிட்டார். ‘விசிறி ஏன் நிற்கிறது?’ என்று கேட்டவர்களுக்குக் கொப்பியைக் காட்டினார்.

ஏலத்தில் நல்ல விலை கிடைத்தால் இவர்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். கொழும்பில் விலை போவதற்குக் காற்றும் வேண்டும், சந்தையும் வேண்டும். கொழுந்தும் இவர் பறித்ததல்ல. சாக்கில் அமுக்கிக் கட்டினால் சூடேறிச் சிவந்துபோகும். நீங்கள் அமுக்காமல் தந்ததை இவர் விடியும்வரை கெடாமல் பார்த்துக்கொண்டார். விருது அதற்குத்தான்.”

இவ்வளவுதான் பேச்சு. கைதட்டலின்போது என் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா, “நாங்க அமுக்காம கட்டினதையும் சொல்லிட்டாரே” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஆனா எங்களுக்கு விருதுன்னா கிலோவைத்தான் பாப்பாங்க” என்றும் சொன்னார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பறிக்கும்போதே வங்கியைக் கிள்ளி எறிந்து, செடியின் மட்டம் கெடாமல் பார்த்துக்கொள்பவரின் நிரையில் அடுத்த சுற்றுக்கு நல்ல கொழுந்து வரும். அதற்கு நேரம் போவதால் அன்றைய தராசில் அவருக்குக் கிலோ குறைந்துகூடக் காட்டலாம். மட்டத்துக்குக் கீழே கை விட்டு, முத்தல் இலையையும் சேர்த்து உருவுகிறவருக்கு அன்று எடை கூடும். நட்டம் அடுத்த சுற்றில் தெரியும். தொட்டியில் தராசு மறைக்கிற விஷயத்தை அண்ணனின் கை கண்டுபிடித்தது. மலையில் தராசு மறைப்பதைக் கண்டுபிடிக்க, பறித்து ஒரு வாரம் போன பிறகு அதே நிரைக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். அடுத்த வருடம் பெயர் தெரிவு செய்கிறவர்கள் செக்ரோல் கிலோக் கணக்கோடு அதையும் பார்த்தால், அந்த அம்மாவுக்கும் வாசிக்க ஒரு பாராட்டுரை கிடைக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்