"ஓடினா சரியாப் போயிடும்டா!"

நம்மில் பலர் டிப்ளமோ சர்டிபிகேட்டோடு கூடவே காக்கிச் சட்டைக்கும் கனவு காண்கிறோம். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அறிவிப்பு வந்த மறுநாளே மைதானம் நிரம்பி வழிகிறது. மூன்றாவது வாரம் பாருங்கள், பாதிப் பேர் நொண்டிக்கொண்டு நிற்பார்கள். "சார், முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்குது" என்றால் கிடைக்கும் பதில் ஒன்றே ஒன்றுதான்: "புதுசா ஓடினா அப்படித்தான்டா இருக்கும். ஸ்ப்ரே அடிச்சிட்டு ஓடு, ஓடினா சரியாப் போயிடும்!"

இந்தப் பதிலைத்தான் நான் எதிர்க்கிறேன். வலியைப் பொறுக்கக் கூடாது என்பதற்காக அல்ல. ஒரே இடத்தில் வரும் மூன்று வெவ்வேறு கோளாறுகளுக்கு ஒரே மருந்தைச் சொல்கிறோமே, அதற்காக. ஒன்றில் அளவைக் குறைத்து ஓடலாம். இன்னொன்றில் ஓடினால் எலும்பு முறியும். மூன்றாவதில் எவ்வளவு நாள் ஓய்வு எடுத்தாலும், ஓடத் தொடங்கியதும் வலி திரும்ப வரும். எது எது என்று பிரித்துப் பார்க்க பெரிய படிப்பு தேவையில்லை. எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, நின்றதும் என்ன ஆகிறது என்ற மூன்று கேள்விகள் போதும், முதல் சந்தேகத்தைத் தெளிவாக்க.

முதலாவது, ஓட்டக்காரர்கள் 'ஷின் ஸ்பிளிண்ட்' என்று சொல்வது. டாக்டர்கள் இதை 'மீடியல் டிபியல் ஸ்ட்ரெஸ் சிண்ட்ரோம்' என்கிறார்கள். டிபியா என்பது கணைக்காலின் பெரிய எலும்பு. அதன் உள்பக்க விளிம்பை, கணுக்காலுக்குச் சற்று மேலிருந்து கட்டை விரலால் அழுத்திக்கொண்டே மேலே போங்கள். குறைந்தது 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு, ஒரு பட்டை மாதிரி வலித்தால் இதுவாக இருக்கலாம். ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், உடம்பு சூடானதும் குறையும், ஓடி முடித்தபின் திரும்ப வரும். அந்த நடுவில் குறைவதைப் பார்த்துத்தான் "ஓடினா சரியாப் போயிடும்" என்ற சாஸ்திரமே பிறந்திருக்க வேண்டும்! இதற்குப் படுக்கையில் கிடக்க வேண்டாம். ஓடும் தூரத்தைக் குறைத்து, மறுநாள் காலையில் வலி மிச்சமில்லாத அளவுக்குக் கொண்டுவந்து, கெண்டைச் சதைக்குப் பயிற்சி கொடுத்து, வாரங்கள் கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டாவதுதான் ஆபத்து. ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு கம்பியை ஒரே இழுப்பில் அறுக்க முடியாது, ஆனால் வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். ஃபேட்டிக் ஃபெயிலியர்! எலும்பிலும் அதேதான், ஒரு வித்தியாசத்தோடு. எலும்பு உயிருள்ள பொருள். தன் சேதத்தைத் தானே ரிப்பேர் செய்துகொள்ளும். ஆனால் ரிப்பேர் வேலையில் முதலில் நடப்பது இடிப்பு. பழுதான பகுதியை அரித்து எடுக்க சுமார் 3 வாரம் ஆகும். அங்கே புது எலும்பு கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். ஆகவே, திடீரென்று ஓட்டத்தைக் கூட்டியவனுக்கு மூன்றாவது, நான்காவது வாரத்தில் எலும்பு முன்பிருந்ததைவிடப் பலம் குறைந்து நிற்கிறது. நாமோ அந்த நேரம் பார்த்துத்தான் "இன்னும் ரெண்டு ரவுண்டு சேத்து ஓடு" என்கிறோம்.

ஒரு பையனை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்பு ஓடிப் பழக்கமே இல்லாதவன். கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு முதல் நாளிலிருந்தே 400 மீட்டர் மைதானத்தில் தினமும் 10 சுற்று, அதாவது 4 கிலோமீட்டர் ஓடுகிறான். ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லை. இரண்டாவது வாரக் கடைசியில் இரண்டு காலிலும் உள்விளிம்பு நெடுகப் பட்டையாக வலி. ஓடும்போது குறைகிறது. இது முதல் வகை. இந்த இடத்தில் தூரத்தைப் பாதியாக்கியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கலாம். அவன் விடவில்லை. நாலாவது வாரம் வலியின் குணமே மாறுகிறது. இடது காலில் மட்டும், கட்டை விரலால் மூடிவிடக்கூடிய ஓர் இடத்தில் குத்துகிறது. ஓட ஓடக் குறையவில்லை, கூடுகிறது. பிறகு மாடிப்படி ஏறினாலே வலி. ராத்திரி படுத்தால்கூட விண்விண் என்று தெறிக்கிறது. பட்டை புள்ளியானது, குறைந்த வலி கூடியது, ஓட்டத்தில் இருந்தது ஓய்விலும் வந்தது. இந்த மூன்று மாற்றமும் சேர்ந்தால், ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் இல்லை என்று நிரூபிக்கும்வரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

அவன் போய் எக்ஸ்ரே எடுக்கிறான். "எலும்பு முறிவு இல்லை" என்று வருகிறது. நண்பர்கள் கைதட்டுகிறார்கள். "பாத்தியாடா, ஒண்ணுமில்ல!" இங்கேதான் ஏமாந்து போகிறோம். மயிரிழை விரிசல் முதல் 2, 3 வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஆறத் தொடங்கி, சுற்றிலும் புது எலும்பு படிந்தபிறகுதான் தெரியும். சிலருக்கு அப்போதும் தெரிவதில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். அதற்குக் காசில்லை என்றால் வழியே இல்லையா? இருக்கிறது. ஓட்டத்தை அன்றோடு நிறுத்தி, முறிவு என்றே நடத்தி, 2, 3 வாரம் கழித்து எலும்பு டாக்டரிடம் திரும்பக் காட்டலாம். நிறுத்துவதற்குக் காசு செலவில்லை. ஆனால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது மட்டும் கூடவே கூடாது. அது அபாய மணியின் வயரைப் பிடுங்கி விடுவது மாதிரி.

விரிசல் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். சிவில் நண்பர்கள் பீமை நினைத்துக்கொள்ளுங்கள். அமுங்கும் பக்கத்தைவிட இழுபடும் பக்கம்தானே சீக்கிரம் வெடிக்கும்? டிபியா முன்பக்கம் லேசாக வளைந்த எலும்பு. ஓடும்போது பின்-உள்பக்கம் அமுங்குகிறது, முன்பக்கம் இழுபடுகிறது. பின்-உள்பக்க விரிசல்தான் அதிகம் வருவது. அது பெரும்பாலும் ஓய்விலேயே ஆறும். வலியில்லாமல் நடக்கவும், அழுத்தினால் வலிக்காத நிலை வரவும் பொதுவாக 4 முதல் 8 வாரம் ஆகும். அதற்குப் பிறகே நடையும் ஓட்டமுமாகக் கலந்து தொடங்கி, முழு ஓட்டத்துக்கு வர 2, 3 மாதம் ஆகலாம். ஆனால் கணைக்காலின் முன்முகட்டில், நட்டநடுவில் புள்ளியாக வலித்தால் விளையாடாதீர்கள். அது இழுபடும் பக்கம், ஆற மாதக்கணக்காகும், ஓடினால் முழுசாக முறியலாம். சிலருக்கு எலும்புக்குள் ராடு வைக்கும் ஆபரேஷன்கூடத் தேவைப்படுகிறது. ஓடும் மாணவிகளுக்கும் ஒரு வார்த்தை. சாப்பாட்டைக் குறைத்து ஓடி, மாதவிலக்கு தள்ளிப்போகவோ நின்றுபோகவோ செய்தால் அது எலும்பு பலம் இழப்பதற்கான அறிகுறி. வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது, எலும்பு விவகாரமே அல்ல. கீழ்க்காலின் சதைகள் நான்கு அறைகளாகப் பிரிந்து, எளிதில் விரியாத உறைகளுக்குள் இருக்கின்றன. ஓடும்போது சதை ரத்தம் ஏறி சுமார் 20 சதவீதம் வரை பருக்கிறது. உறை இடம் கொடுக்காவிட்டால் உள்ளே பிரஷர் ஏறி, ரத்த ஓட்டத்தையும் நரம்பையும் நெருக்குகிறது. இதன் பெயர் 'குரோனிக் எக்சர்ஷனல் கம்பார்ட்மெண்ட் சிண்ட்ரோம்'. இதன் அடையாளம் கடிகாரம்! தினமும் ஏறக்குறைய அதே எட்டாவது நிமிஷத்தில், பெரும்பாலும் இரண்டு காலிலும், எலும்புக்கு வெளிப்பக்கச் சதை கல் மாதிரி இறுகும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மரத்துப்போகும். பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் 'பட் பட்' என்று அடிக்கும். நின்றால் 10 நிமிஷம், அரைமணியில் எல்லாம் போய்விடும். அப்புறம் எங்கே அழுத்தினாலும் வலியில்லை. அதனால்தான் இவனை "நடிக்கிறான்டா" என்று சொல்லிவிடுகிறோம்.

அமெரிக்க ஓட்ட வீராங்கனை மேரி டெக்கர் 1970களில் கணைக்கால் வலியால் வருடக்கணக்கில் அவதிப்பட்டு, 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கையே இழந்தார். இது கம்பார்ட்மெண்ட் தொல்லையாக இருக்கலாம் என்று அவருக்குச் சொன்னவர் அதே தொல்லையை அனுபவித்த இன்னொரு ஓட்டக்காரர், நியூசிலாந்தின் டிக் குவாக்ஸ். ஆபரேஷனுக்குப் பிறகு 1983 ஹெல்சிங்கி உலகப் போட்டியில் 1500, 3000 மீட்டர் இரண்டிலும் மேரிக்குத் தங்கம்! சரியான பெயர் தெரிந்ததால் கிடைத்த தங்கம் என்றுகூடச் சொல்லலாம்.

இதற்கு எக்ஸ்ரே உதவாது. ஓடுவதற்கு முன்னும் பின்னும் சதைக்குள் ஊசி வைத்து பிரஷர் அளக்கிறார்கள். ஓடி நின்ற ஒரு நிமிஷத்தில் 30 மி.மீ. பாதரசம் அல்லது அதற்கு மேல் இருந்தால் சந்தேகம் வலுக்கும். வலியே இல்லாத சிலருக்கும் அந்த அளவு வருவதுண்டு என்பதால், எண்ணை மட்டும் நம்பாமல் பையன் சொல்லும் கதையோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நீளமாகக் காலை வீசி குதிகாலில் இறங்காமல், அடியைச் சின்னதாக்கி ஓடப் பழகியதில் சிலருக்குக் குறைந்திருக்கிறது. குறையாதவர்களுக்கு உறையைக் கீறிவிடும் ஆபரேஷன். அதிலும் எல்லாருக்கும் முழுக் குணம் உறுதியில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. ஓட்டத்தை நிறுத்தியும் இறுக்கமும் வலியும் தணியாமல் ஏறிக்கொண்டே போனால், அன்றே, அந்த நேரமே ஆஸ்பத்திரி. சதை செத்துப்போக சில மணி நேரம் போதும்.

இந்த மூன்றும் எப்போதும் தனித்தனிப் பெட்டியில் வருவதில்லை. முதலாவது இரண்டாவதாக மாறியதை மேலே பார்த்தோம்; ஒரே காலில் இரண்டு சேர்ந்தும் வரலாம். ஆகவே முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். ஆனால் யாரை, எப்போது டாக்டரிடம் அனுப்புவது என்பது மைதானத்தில் நிற்கும் நம் கையில் இருக்கிறது.

நமது சங்கத்துக்கு என் யோசனை இதுதான். ஸ்ப்ரே டப்பாவோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கி வையுங்கள். வலி என்று வருபவனிடம் பட்டையா, புள்ளியா, இறுக்கமா? ஓட ஓடக் குறையுதா, கூடுதா? நின்னா எத்தனை நிமிஷத்தில் போகுது? என்று கேட்டுத் தேதி போட்டு எழுதுங்கள். புள்ளி என்றால் அன்றே ஓட்டம் நிற்கட்டும், எந்தத் தேர்வு எத்தனை நாளில் இருந்தாலும் சரி. இன்னொன்று, அறிவிப்பு வந்தபின் ஓட ஆரம்பிக்காமல், மூன்று நான்கு மாதம் முன்பே நடையும் ஓட்டமுமாகத் தொடங்குங்கள். இடித்த எலும்பைக் கட்டி முடிக்க அதற்கு அவகாசம் வேண்டாமா?