தொண்டை அடைபடும் முன்னே ஊசி இறங்க வேண்டும்

நாளைக் காலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் கலைந்து போகாதீர்கள். மூன்று கேள்விகளைச் சத்தமாகக் கேளுங்கள். நம் தோட்டத்துக் கிளினிக்கில் அட்ரினலின் ஊசி மருந்து இருக்கிறதா? அது இருக்கும் அலமாரியின் சாவி யாரிடம்? அவர் விடுப்பில் போனால் ஊசி போடப் போவது யார்? மூன்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டுதான் செம்பனைக் காட்டுக்குள் போக வேண்டும்.

அவசரம் என்னவென்று சொல்கிறேன். பகாவ், ரொம்பின், கெமாஞ்சே, லிங்கி, லாபு என்று நெகிரி செம்பிலானில் எந்தத் தோட்டத்தை எடுத்தாலும் மட்டைக்குள்ளும் புதருக்குள்ளும் குளவி கூடு கட்டுகிறது. மலாய்க்காரர்கள் தெபுவான் என்று அஞ்சுகிற அதே குளவிதான். குலை அறுப்பவர் அண்ணாந்து பார்த்து அரிவாளை இழுக்கும்போது கூடு கலைகிறது. இலங்கை மலையகத்திலும் இதே கதைதான். கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக் கொட்டுக்கு ஆளாகி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்ட செய்தி அங்கிருந்து ஓயாமல் வருகிறது. பெரும்பாலோருக்கு வலியும் வீக்கமும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். ஒவ்வாமை உள்ள ஒருவருக்கோ ஒரே ஒரு கொட்டு போதும். உடம்பு முழுக்க இரத்தக் குழாய்கள் தளர்ந்து நீர் கசிய, உதடும் நாக்கும் தொண்டையும் உப்பி மூச்சுப் பாதை உள்ளிருந்தே அடைபடும்.

எவ்வளவு நேரம் இருக்கிறது நமக்கு? பிரிட்டனில் 1992 முதல் 1998 வரை இப்படி இறந்தவர்களின் பதிவுகளை மருத்துவர் ரிச்சர்ட் பம்ஃப்ரி ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். பூச்சி கொட்டி இறந்தவர்களில் பாதிப் பேருக்கு 15 நிமிடத்துக்குள் மூச்சோ இதயமோ நின்றிருந்தது. உணவால் வந்ததென்றால் 30 நிமிடம். இப்போது நம் செம்மண் பாதையை நினைத்துப் பாருங்கள். உட்காட்டிலிருந்து தார்ச்சாலைக்கு வரவே அந்த 15 நிமிடம் கரைந்துவிடும். அதற்குப் பிறகுதான் ஜெம்போல் ஆஸ்பத்திரியோ, கோலப்பிலாவோ, சிரம்பான் துவாங்கு ஜாஃபாரோ. ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது என்பதால் காட்டுக்குள் கிடக்கும் தோழர் பிழைத்துவிட மாட்டார். மருந்து அவர் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும்.

நடக்கக்கூடிய ஒன்றை நிமிடம் நிமிடமாகப் பார்ப்போம். காலை 8 மணிக்குக் குலை அறுக்கும் தோழருக்குக் கழுத்திலும் கையிலும் நான்கைந்து கொட்டு. 8.03க்கு உள்ளங்கை அரிக்கிறது, மார்பிலும் வயிற்றிலும் தடிப்பு தடிப்பாக எழும்புகிறது. 8.05க்கு மேலுதடு வீங்குகிறது. உதடு மட்டும் வீங்கினால் மூச்சு அடைத்துவிட்டது என்று பொருளில்லை, ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. 8.07க்கு அவர், "தொண்டையில என்னமோ இறுக்குது மாமா" என்கிறார். குரல் அவர் குரலாக இல்லை, கரகரத்துத் தடித்து வருகிறது. இதுதான் எல்லைக்கோடு. இனி ஒரு நொடியும் யோசிக்கக் கூடாது.

குரல் மாறுவதை நன்றாக மனத்தில் வையுங்கள். குரல் மாறினால் வீக்கம் குரல்வளையைத் தொட்டுவிட்டது. அதற்கடுத்து எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழியும், நாக்கு தடித்துப் பேச்சு குழறும், மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் பாதை ஏறக்குறைய மூடிவிட்டது. விடாத இருமலும் நெஞ்சில் இழுப்பும் கீழே நுரையீரல் குழாய்கள் சுருங்குவதைக் காட்டும். இன்னொரு வழியிலும் ஆபத்து வரும்: தொண்டை நன்றாகவே இருக்க, முகம் வெளுத்து, தலை சுற்றி, கால் மடிந்து விழுவார். இரத்த அழுத்தம் சரிந்துவிட்டது. அதுவும் ஊசிக்கான நேரம்தான். தடிப்பு எழவில்லையே என்று காத்திருக்காதீர்கள், தோலில் ஒரு புள்ளிகூட இல்லாமல் உயிர் போனவர்கள் உண்டு.

நம் லயங்களில் எல்லாருக்கும் தெரிந்த மருந்து பிரிட்டான். "ஒண்ணு போட்டுப் படு, சரியாயிடும்" என்போம். அரிப்புக்கு அது நல்ல மாத்திரைதான். ஆனால் வேலை செய்யத் தொடங்கவே அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், அடைபடும் தொண்டையை அது திறக்காது. அட்ரினலின்தான் திறக்கும். தளர்ந்த இரத்தக் குழாயை இறுக்கி வீக்கத்தை வடிய வைப்பதும், சுருங்கிய மூச்சுக்குழாயை விரிப்பதும், துவளும் இதயத்தைத் தட்டி எழுப்புவதும் அந்த ஒரே மருந்து.

இப்போது 8.07க்குத் திரும்புவோம். அந்தத் தோழரைக் கூட்டிலிருந்து தூரத்துக்குக் கொண்டுவந்து படுக்க வையுங்கள். ஒருவர் 999 கூப்பிடட்டும், இன்னொருவர் ஊசியை எடுக்கட்டும். எபிபென் வகைப் பேனா என்றால் அதன் ஆரஞ்சு முனைதான் ஊசி வரும் பக்கம். முஷ்டியில் பிடியுங்கள், கட்டைவிரல் எந்த முனையின் மேலும் போகக் கூடாது. பதற்றத்தில் பேனாவைத் தலைகீழாகப் பிடித்துத் தன் விரலிலேயே குத்திக்கொண்டவர்கள் பலர். நீல மூடியை நேராக இழுத்துக் கழற்றுங்கள். தொடையின் வெளிப்பக்கம், இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே, கால்சட்டைக்கு மேலேயே, டக்கென்று சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். 3 எண்ணும்வரை அப்படியே பிடித்திருங்கள். வேறு நிறுவனத்துப் பேனாவில் 10 எண்ணச் சொல்லியிருக்கும், மேலே எழுதியிருப்பதை முன்கூட்டியே படித்து வையுங்கள். பிட்டத்தில் போடாதீர்கள், கையில் போடாதீர்கள். போட்ட நேரத்தைப் பேனாவிலேயே எழுதுங்கள். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அது மருந்து வேலை செய்வதன் அடையாளம், அவரிடம் சொல்லித் தைரியப்படுத்துங்கள். 5 நிமிடம் ஆகியும் குரலும் மூச்சும் தெளியவில்லையென்றால் இரண்டாவது பேனாவை மறு தொடையில் போடுங்கள். அதனால்தான் எங்கேயும் இரண்டு பேனா இருக்க வேண்டும் என்கிறோம்.

பெரியவர்களுக்கான பேனாவில் 0.3 மில்லிகிராம், சிறு பிள்ளைகளுக்கானதில் 0.15. பேனாவுக்கு விலை அதிகம், எல்லா மருந்தகத்திலும் கிடைப்பதில்லை. அதைச் சாக்காகச் சொல்லி நிர்வாகம் நழுவ விடாதீர்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் உள்ள அட்ரினலின் குப்பி மிகவும் மலிவு. ஊசி போடப் பயிற்சி பெற்ற தோட்டத்து மருத்துவ உதவியாளர் அதிலிருந்து 0.5 மில்லிலிட்டர் எடுத்து அதே தொடைச் சதையில் போட்டால் பேனா செய்யும் வேலையை அது செய்யும். ஆக, பேனா இல்லாத தோட்டம் இருக்கலாம், குப்பியும் போடத் தெரிந்த ஆளும் இல்லாத தோட்டம் இருக்கவே கூடாது.

தோழர்களே, நாம் பாசத்தால் செய்யும் ஒரு காரியம் ஆளைக் கொன்றுவிடும். விழுந்தவரைத் தூக்கி மோட்டாரின் பின்னால் உட்கார வைத்து, நடுவில் பிடித்துக்கொண்டு பறப்போம். இரத்த அழுத்தம் சரிந்த உடம்பை நிமிர்த்தினால் இதயத்துக்கு இரத்தம் திரும்பாது. படுத்திருந்தவரை எழுப்பி உட்கார வைத்த சில நொடிகளில் உயிர் போனதை அதே பம்ஃப்ரி 2003இல் எழுதினார். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறிப் படுக்கவே முடியாதவரை மட்டும் முதுகைத் தாங்கிக் காலை நீட்டி உட்கார வையுங்கள். வாந்தி எடுப்பவரை ஒருக்களித்து, கர்ப்பிணியை இடப்பக்கமாக. வண்டியே வராது என்ற நிலையில் குலை ஏற்றும் லோரியின் தளத்தில் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள். ஊசிக்குப் பிறகு தெளிந்து எழுந்தாலும் வீட்டுக்கு நடத்தி அனுப்பாதீர்கள். மருந்தின் வேகம் அடங்கியபின் சில மணி நேரத்தில் எல்லாம் திரும்பவும் கிளம்பலாம், அப்போது அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்க வேண்டும்.

பூச்சியே கொட்டாமல் உதடு வீங்குகிறவர்களும் நம் லயங்களில் இருக்கிறார்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடும் அம்மாவையும் தாத்தாவையும் கேளுங்கள். பெரிண்டோபிரில், எனலாபிரில், கேப்டோபிரில் என்று 'பிரில்' என முடியும் மாத்திரைகள் சிலருக்கு உதட்டையும் நாக்கையும் வீங்க வைக்கும். அரிப்பு இருக்காது, தடிப்பு இருக்காது, வீக்கம் சில மணி நேரத்தில் மெல்ல ஏறும். வருடக்கணக்காக ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும் ஒருநாள் திடீரென்று வரும், அதனால் யாரும் மாத்திரையைச் சந்தேகிப்பதில்லை. இந்த வீக்கம் வேறு வழியில் உண்டாவது, அட்ரினலினை நம்பி உட்கார முடியாது. ஆனாலும் மூச்சு அடைகிறது, காரணம் தெரியவில்லை என்றால் ஊசியைப் போட்டுவிடுங்கள். பிழைக்கும் வழி ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாய் போடுவதுதான், அதனால் நாக்கு வீங்கத் தொடங்கியதுமே கிளம்ப வேண்டும், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு. அந்த மாத்திரையை இனி ஆயுளுக்கும் தொடக் கூடாது. வீக்கம் எதுவும் வராதவர்கள் பயந்துபோய்த் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

நம் கோரிக்கைகளை எழுத்தில் கொடுப்போம். தோட்டத்தில் மருத்துவ வசதி செய்வது 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டப்படி முதலாளியின் கடமை. தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் 2024 ஜூன் 1இல் நடப்புக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்தை முதலாளி நீக்காவிட்டால் அங்கிருந்து விலகும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்திருக்கிறது. கூடு இருக்கும் நிரையில் துணிந்து நுழையாமல் மண்டோரிடம் சொல்லுங்கள். போம்பாவோ பொதுத் தற்காப்புப் படையோ வந்து அகற்றும்வரை அந்த நிரையை மூடச் சொல்லுங்கள். ஒருமுறை கொட்டு வாங்கி உடம்பெல்லாம் தடித்த தோழரைக் கடிதத்தோடு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, மருத்துவர் எழுதித் தரும் பேனா அவர் இடுப்புப் பையில் இருக்கச் செய்யுங்கள். மோட்டார்ப் பெட்டியில் வேண்டாம், 25 டிகிரிக்கு மேல் வெயிலில் வெந்தால் மருந்து கெடும். பனிப்பெட்டியும் வேண்டாம். பேனாவின் சிறு சன்னலில் மருந்து தண்ணீர் போலத் தெளிவாக இருக்கிறதா, பழுப்பேறிவிட்டதா, காலாவதித் தேதி என்ன என்று மாதச் சம்பள நாளன்று பார்த்துவிடுங்கள்.

பயிற்சிப் பேனா ஒன்று வாங்கச் சொல்லுங்கள். அதில் ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. நம் பெண்களும், வங்காளதேசத் தோழர்களும், இந்தோனேசியத் தோழர்களும், லோரி ஓட்டுநரும் ஒவ்வொருவராகத் தங்கள் தொடையிலேயே அழுத்திப் பழகட்டும். ஒவ்வொரு நிரையின் எண்ணையும், ஆம்புலன்ஸ் நுழைய வேண்டிய கேட்டின் பெயரையும் மலாயில் எழுதி எல்லார் கைப்பேசியிலும் ஏற்றிவிடுங்கள். 999இல் கேட்கும் முதல் கேள்வி, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதுதான்.