ஒரு நாளுக்கு மட்டுமே மெய்யாகும் வாக்குறுதி

"குறியீட்டெண்ணின் இரு மடங்கு" என்ற தொடரில் காலத்தைச் சுட்டும் சொல் எதுவும் இல்லை. அந்த வெற்றிடத்தைக் கேட்பவரே நிரப்பிக்கொள்கிறார்: ஓராண்டு வைத்திருந்தால் ஓராண்டு வளர்ச்சியின் இரு மடங்கு கிடைக்கும் என்று. அமெரிக்கச் சந்தையில் விற்கப்படும் மடங்கு இ.டி.எஃப்.களும், சந்தை விழும்போது உயரும்படி அமைந்த எதிர்த்திசை இ.டி.எஃப்.களும் பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை. அவற்றின் விளக்க ஆவணம் குறிக்கும் இலக்கு ஒரே ஒரு வணிக நாளுக்கு உரியது. "நாள்தோறும்" என்ற அந்த ஒற்றை அடைமொழியை விட்டுவிட்டு இந்நிதியங்களைப் பற்றிப் பேசுவதும் கற்பிப்பதும் சுருக்கிச் சொல்வதாகாது. பொருளையே மாற்றிச் சொல்வதாகும்.

குறியீட்டெண் 100 என்றும், இரு மடங்கு நிதியத்தின் சொத்து 100 டாலர் என்றும் கொள்வோம். ஸ்வாப் முதலிய ஒப்பந்தங்களின் வழியே அந்நிதியம் 200 டாலர் மதிப்புக்குச் சந்தையில் நிற்கிறது. முதல் நாள் குறியீட்டெண் 10 விழுக்காடு உயர்ந்து 110 ஆகிறது. ஒப்பந்தங்களின் மதிப்பு 220. நிதியத்தின் சொத்து 120. மறுநாளும் இரு மடங்காக இருக்க 240 தேவை. எனவே சந்தை மூடும் வேளையில் நிதியம் மேலும் 20 டாலருக்கு வாங்குகிறது. இதுவே நாள்தோறும் நிகழும் மறுசீரமைப்பு. இரண்டாம் நாள் குறியீட்டெண் 110இலிருந்து மீண்டும் 100க்கு இறங்குகிறது. அது 9.09 விழுக்காட்டு வீழ்ச்சி, நிதியத்துக்கு 18.18 விழுக்காடு. குறியீட்டெண் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது. நிதியத்தில் எஞ்சுவது 98.18 டாலர்.

எதிர்த்திசை இரு மடங்கு நிதியத்தின் நிலை இன்னும் மோசம். முதல் நாள் அது 80 ஆகிறது, மறுநாள் 18.18 விழுக்காடு ஏறியும் 94.55ஐத் தாண்டுவதில்லை. சந்தை உயர்ந்த முதல் நாளின் முடிவில் அதுவும் வாங்கத்தான் வேண்டும்: 220 டாலராகப் பெருகிவிட்ட எதிர்நிலையை 160 ஆகக் குறைக்க 60 டாலருக்கு வாங்குகிறது. எதிரெதிர்த் திசைகளில் பந்தயம் கட்டும் இரு நிதியங்களும் விலை உயர்ந்தபின் வாங்கி, விழுந்தபின் விற்கின்றன. அலைபாயும் சந்தையில் இரண்டும் தேய்வதன் காரணம் இதுவே.

இது வெறும் ஏட்டுக்கணக்கு என்போர் 2009 ஆகஸ்டில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமும் ஃபின்ராவும் இணைந்து வெளியிட்ட எச்சரிக்கையை வாசிக்கட்டும். 2008 டிசம்பர் 1 முதல் 2009 ஏப்ரல் 30 வரை ரஸ்ஸல் 1000 நிதிச் சேவைக் குறியீட்டெண் ஏறத்தாழ 8 விழுக்காடு உயர்ந்தது. அதே காலத்தில் அதன் நாள் மாற்றத்தை மும்மடங்காக்கும் நிதியம் 53 விழுக்காடு வீழ்ந்தது. எதிர்த்திசை மும்மடங்கு நிதியம் 90 விழுக்காடு வீழ்ந்தது. ஐந்து மாதங்களில், உயரும் என்று நம்பியவரும் விழும் என்று நம்பியவரும் ஒருசேர இழந்தனர்.

இதை "அழுகல்" என்று அழைக்கும் வழக்கமும் பிழையானதே. நிதியத்துக்குள் எதுவும் கெடுவதில்லை; அது அன்றாட இலக்கை ஏறத்தாழ எட்டிக்கொண்டே இருக்கிறது. சந்தை ஒரே திசையில் நடந்தால் இதே பொறிமுறை ஆதாயம் தரும். இரு நாள்களும் 10 விழுக்காடு உயர்ந்தால் குறியீட்டெண் 21 விழுக்காடு பெறும். இரு மடங்கு நிதியமோ 42 அன்று, 44 பெறும். விளைவைத் தீர்மானிப்பது குறியீட்டெண் சென்றடைந்த இடம் மட்டுமன்று, அது நடந்த பாதையும்தான். அந்த இழப்பு ஏற்ற இறக்கத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. ஆண்டு ஏற்ற இறக்கம் 20 விழுக்காடாக இருந்து, ஆண்டிறுதியில் குறியீட்டெண் தொடங்கிய இடத்திலேயே நின்றால், மும்மடங்கு நிதியம் ஏறத்தாழ 11 விழுக்காடு இழக்கும். 40 விழுக்காடாக இருந்தால் இழப்பு ஏறத்தாழ 38. கட்டணமும் கடன் செலவும் இதில் சேரவில்லை.

"ஆவணத்தில் அனைத்தும் எழுதப்பட்டுள்ளதே" என்பது விற்போரின் மறுமொழி. எழுதப்பட்டிருப்பது உண்மைதான். ஆயினும் வாங்குபவர் நினைவில் தங்குவது ஆவணமன்று, பெயர். "அல்ட்ரா", "அல்ட்ராஷார்ட்" என்னும் பெயர்களில் அளவின் மிகுதி ஒலிக்கிறது. நாளின் வரம்பு ஒலிப்பதில்லை. ஒரு நாள் இடர்காப்புக்காகவோ, நாள்தோறும் கண்காணித்துத் தம் முதலீட்டைத் தாமே சீரமைக்கவோ இவற்றை வாங்குவோர்க்குக் குறை சொல்ல இடமில்லை. ஓய்வூதியச் சேமிப்பாக வாங்கி மறந்திருப்பவர், யாரும் தமக்கு அளிக்காத ஒரு வாக்குறுதிக்காகக் காத்திருக்கிறார். வகுப்பறையிலும் பாடநூலிலும் "இரு மடங்கு" என்று எழுதும் கை, அதற்கு முன்னே "ஒரு நாளின்" என்று எழுதத் தவறினால், அந்தக் காத்திருப்பில் அதற்கும் பங்குண்டு.